சேலைக்கு மேல் ஸ்வெட்டர்: உடம்பு பெருத்துத் தெரியாமலிருக்க

எட்டயபுரத்தில் ஸ்வெட்டர் தேவைப்படுவது மார்கழி, தை விடியற்காலையில்தான். வெயில் ஏறியதும் கழற்றிவிட வேண்டியிருக்கும். அதனால் முன்பக்கம் பொத்தான் வைத்ததே இங்கே தோது.

ஸ்வெட்டர் போட்டதும் குண்டாகத் தெரிவதற்கு அது மட்டும் காரணமல்ல. இடது தோளில் அடுக்கடுக்காக நிற்கும் முந்தானை மடிப்பும் காரணம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை என்றால் அந்த மடிப்பு அமுங்கவே அமுங்காது. அன்றைக்குக் கஞ்சி போடாத சேலையையோ சில்க் காட்டனையோ கட்டுங்கள். முந்தானையைச் சிறு சிறு மடிப்பாக அடுக்காமல், மூன்று அகல மடிப்பாக எடுத்து, ரவிக்கையோடு சேர்த்துப் பின் குத்துங்கள். ஸ்வெட்டரில் குத்தினால் பின்னல் இழை அறுந்து ஓட்டை விழும்.

ஸ்வெட்டர் மெல்லிய பின்னலாக, இடுப்போடு நிற்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் கொசுவத்தின் மேல் உட்கார்ந்து வயிற்றை உப்பிக் காட்டும். மேல் பொத்தான் இரண்டை மட்டும் போட்டால் போதும்.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. ரவிக்கைக்குப் பதில் உடம்போடு ஒட்டிய, கழுத்து மூடிய மெல்லிய ஸ்வெட்டரைப் போட்டு, அதன்மேல் முந்தானையை விடலாம். தோளில் ஒரு துணி குறையும். ஆனால் நடுவில் கழற்ற முடியாது.

குர்தாவுக்கு இத்தனை பாடில்லை. கை ஒடுங்கிய குர்தாவாக இருந்தால் போதும். அகலக் கை உள்ளே சுருண்டு, முழங்கைக்கு மேல் முடிச்சாகத் தெரியும்.