பார்சல் வந்தது, கூடவே வரிச் சீட்டும் வந்தது: வெளிநாட்டுப் பொருள் வாங்கும்முன் தெரிந்துகொள்வோம்



செங்கம் பக்கம் ஒரு ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், தபால்காரர் ஒரு பார்சல் கொண்டாந்தார். நாலாயிரத்து அறுநூத்துச் சொச்சம் கட்டினாத்தான் தருவேன்றார். ஏற்கெனவே ஆறாயிரம் கட்டிட்டேன். என்ன பண்றதுன்னே தெரியல" என்றார். அது 2024-ஆம் வருடம். அந்த ஆறாயிரமும் குழுவில் வாங்கிய உள்கடன். மாதாமாதம் வட்டியோடு கட்ட வேண்டிய பணம்.

அவருக்கு நேர்ந்தது இன்று செல்போனில் பொருள் வாங்கும் யாருக்கும் நேரலாம். அதனால் அந்த விஷயத்தையே இந்த இதழ்ப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

என்ன நடந்தது?

மகள் வீட்டிலேயே எம்பிராய்டரி கற்றுக்கொள்கிறாள். துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டம், அதில் மாட்டும் பெரிய கண்ணாடி, ஊசிப் பெட்டி எல்லாம் சேர்ந்த ஒரு செட்டை செல்போனில் பார்த்திருக்கிறார்கள். விலை ரூபாயில்தான் போட்டிருந்தது. பொருள் 4,800, அனுப்பும் செலவு 1,200, மொத்தம் 6,000 ரூபாய். ரூபாயில் போட்டிருந்ததால் நம் நாட்டுக் கடை என்றே நினைத்துப் பணம் கட்டிவிட்டார்கள். பார்சல் வந்தபோதுதான் அது வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதே தெரிந்தது.

கவனித்திருந்தால் சில அடையாளங்கள் அந்தப் பக்கத்திலேயே இருந்தன. பொருள் வந்து சேர 25 முதல் 40 நாள் ஆகும் என்று போட்டிருந்தது. விற்பவரின் ஜிஎஸ்டி எண் இல்லை. இந்திய முகவரியும் இல்லை. கடைசியில் சின்ன எழுத்தில், "இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் பின்னால் 4,637 ரூபாயாக வந்து நின்றது.

4,637 எப்படி வந்தது?

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பார்சல் நேராக நம் ஊருக்கு வராது. சென்னையில் உள்ள வெளிநாட்டு அஞ்சல் நிலையம் போன்ற இடத்தில் சுங்கத்துறையினர் அதைப் பார்த்து வரி போடுவார்கள். அதன்பிறகு வரிச் சீட்டோடு நம் ஊர் தபால் நிலையத்துக்கு வரும். சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு அப்போது மூன்று படியாகக் கணக்குப் போட்டார்கள்.

முதல் படி சுங்க வரி 35 சதவீதம். 6,000 ரூபாய்க்கு 2,100 ரூபாய். பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவுக்கும் சேர்த்துத்தான் வரி என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் படி, அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. அது 210 ரூபாய். இப்போது மொத்தம் 8,310 ஆகிவிட்டது. மூன்றாம் படி, இந்த 8,310-க்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். அது 2,327 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 4,637. நூறு ரூபாய்ப் பொருளுக்கு 77 ரூபாய்க்கு மேல் வரி! தபால்துறையின் சிறு கட்டணம் தனி.

சீட்டில் இருந்த தொகையும் இதுதான். ஆகவே யாரும் ஏமாற்றிக் கூடுதலாகப் போடவில்லை என்பது முதலில் உறுதியானது. பொருளின் மதிப்பைத் தவறாகக் கூட்டிப் போட்டிருந்தால், பணம் கட்டிய ரசீதைக் காட்டி மறுபடி கணக்குப் பார்க்கும்படி எழுதிக் கேட்கலாம்.

அதன்பிறகு விகிதம் மாறியிருக்கிறது. சொந்த உபயோகப் பொருளுக்கான 35 சதவீதத்தை 2025 பட்ஜெட்டில் 20 ஆகவும், 2026 பட்ஜெட்டில் 10 ஆகவும் குறைத்து அறிவித்தார்கள். ஜிஎஸ்டியிலும் 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்த விகிதத்துக்கு வந்தன. தொகை குறையலாம். ஆனால் வரியின் மேல் வரி ஏறும் இந்த முறையை மனதில் வையுங்கள். வாங்குவதற்கு முன் அப்போதைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அன்பளிப்புன்னு எழுதி அனுப்பச் சொன்னா வரி இல்லையாமே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். முன்பு 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு அந்தச் சலுகை இருந்தது. 2019 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். ராக்கிக் கயிறு, உயிர்காக்கும் மருந்து ஆகியவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. விற்பவர் அப்படி எழுதி அனுப்புகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்க் கணக்குக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

கட்டலாமா, விடலாமா?

அந்த அக்கா சொன்னது: "ஆறாயிரம் போட்டாச்சு, விட்டா வீணாப் போயிடுமே, கடன் வாங்கியாவது கட்டிடறேன்." நம்மில் பலரும் இப்படித்தான் நினைப்போம். நாங்கள் அவரிடம் கணக்கை மாற்றிப் போடச் சொன்னோம். அந்த 6,000 ஏற்கெனவே கையை விட்டுப் போய்விட்டது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது இப்போது கையில் இல்லை. ஆகவே இன்றைய கேள்வி ஒன்றுதான்: இந்தச் செட்டை இன்று 4,637 ரூபாய்க்கு வாங்குவேனா?

அவர் யோசித்தார். மரச்சட்டத்தை ஊர் ஆசாரியே செய்துவிடுவார். கண்ணாடியும் ஊசியும் திருவண்ணாமலையில் கிடைக்கும். எல்லாம் சேர்த்தாலும் 2,500 ரூபாய் தாண்டாது. அப்படியானால் 4,637 கட்டி வாங்குவது நஷ்டத்தின் மேல் நஷ்டம். ஆனால் பொருள் உள்ளூரில் 7,000 ரூபாய்க்கு விற்பதாக இருந்தால், கட்டி வாங்குவதே சரியாக இருந்திருக்கும்.

வேண்டாம் என்று முடிவானால் பார்சலைப் பிரிக்கக் கூடாது, கையெழுத்துப் போட்டு வாங்கவும் கூடாது. "பெற மறுக்கிறேன், அனுப்பியவருக்கே திருப்பவும்" என்று தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரிக்காமல் திரும்பும் பார்சலுக்கு வரி கட்டத் தேவையில்லை. தபால் நிலையத்தில் சில நாட்கள்தான் வைத்திருப்பார்கள். எத்தனை நாள் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவர் மறுத்தார்

அந்தத் தளத்தின் மூலம் விற்பவருக்குச் செய்தி அனுப்பினோம். "திருப்பி எடுப்பதில்லை, வரி உங்கள் பொறுப்பு" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. நாங்கள் கோபமாக எழுதவில்லை. சண்டை போட்டால் பணம் வராது. தேதியும் எண்ணும் ஆதாரமும் இருந்தால்தான் வேலை நடக்கும். இரண்டாவது செய்தியை இப்படி எழுதினோம்:

"உங்கள் கடையில் இந்தத் தேதியில், இந்த ஆர்டர் எண்ணில் 6,000 ரூபாய் கட்டி வாங்கினேன். விலை போட்டிருந்த இடத்தில் இறக்குமதி வரி தனியாக வரும் என்று காட்டப்படவில்லை. பொருள் வந்தபோது 4,637 ரூபாய் வரி கேட்கப்பட்டது. வரிச் சீட்டின் படம் இணைத்துள்ளேன். பார்சலைப் பிரிக்கவில்லை. அது தபால் மூலம் உங்களுக்கே திரும்பி வருகிறது. பார்சல் எண் இது. உங்களிடம் வந்து சேர்ந்ததும் பொருளின் விலையான 4,800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அனுப்பும் செலவை நான் கேட்கவில்லை. 10 நாளில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தமிழில் எழுதி, கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொன்னோம். போனில் பேசாமல் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே அனுப்பினோம். அங்கே எழுதியது பதிவாக இருக்கும். அதே நாளில் தளத்தில் புகார் பகுதியிலும் பதிவு செய்தோம். அதற்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் பணம் விற்பவரிடம் போய்விடும்.

அனுப்பும் செலவை விட்டுக்கொடுத்தது வேண்டுமென்றேதான். அந்தச் செலவு விற்பவருக்கும் உண்மையிலேயே ஆன செலவு. அதையும் கேட்டால் மறுப்பதற்கு அவருக்குச் சாக்கு கிடைக்கும்.

"பார்சல் வரவில்லை" என்றே விற்பவர் சொல்லிக்கொண்டிருந்தார். பார்சல் எண் 13 எழுத்து கொண்டது. முதலில் 2 எழுத்து, நடுவில் 9 எண், கடைசியில் 2 எழுத்து. அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தபோது பார்சல் அவரிடம் போய்ச் சேர்ந்த தேதி தெரிந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு 4,800 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. 1,200 போனது போனதுதான்.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல முடியாது. திரும்பாவிட்டால் அழித்துவிடும்படி விற்பவரே பார்சல் படிவத்தில் குறித்திருந்தால் பொருள் திரும்பியே போகாது. கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியில் மறுப்புப் புகார் தரலாம். ஆனால் சுங்கத்தில் நின்ற பார்சல், வாங்குபவரே மறுத்த பார்சல் என்றால் பல நேரம் வங்கி ஏற்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லாமல் புகார் தரலாம். என்றாலும் இந்தியாவில் அலுவலகமே இல்லாத விற்பவரிடம் தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம்.

இன்னொரு ஆபத்து

"உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த எண்ணுக்கு உடனே பணம் அனுப்புங்கள்" என்று போனிலோ குறுஞ்செய்தியிலோ வந்தால் அது மோசடி. சுங்க அதிகாரி தனி ஆளின் கணக்குக்குப் பணம் போடச் சொல்ல மாட்டார். உண்மையான வரிக்குச் சீட்டு இருக்கும், கட்டியதற்கு ரசீது இருக்கும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்னது சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கு. குழு வியாபாரத்துக்கு மூலப்பொருளோ இயந்திரமோ வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும், வரிக் கணக்கும் வேறு. கூட்டமைப்பில் கேட்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் யார் யார் செல்போனில் பொருள் வாங்குகிறோம்? விற்பவர் எந்த நாடு என்று பார்த்தோமா?

2. 3,000 ரூபாய்ப் பொருளுக்கு 2024-இல் எவ்வளவு வரி வந்திருக்கும்? மூன்று படியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். (விடை: சுமார் 2,318 ரூபாய்)