புளி பூசி ஊறவைத்த தவலை ஏன் சிவந்தது?

போன பொங்கலுக்குத் துலக்கிப் பரணில் ஏற்றிய பித்தளைத் தவலை இந்தப் பொங்கலுக்குக் கீழே இறங்கும்போது காபிப்பொடி நிறத்தில் இருக்கும். புளியைக் கெட்டியாகக் கரைத்து, ஒரு கைப்பிடி கல்லுப்பும் கலந்து, தவலை முழுக்கப் பூசி, “ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில தேய்ச்சா பளபளன்னு வந்துடும்” என்று வைத்துவிடுகிறார்கள். காலையில் பார்த்தால் கறுப்பு போயிருக்கிறது, ஆனால் மஞ்சள் வரவில்லை. கழுத்தைச் சுற்றியும் அடியிலும் திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பு. நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தும் அது அசைவதில்லை. உடனே, “இது நல்ல பித்தளையே இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

தவலை நல்ல பித்தளைதான். பித்தளை துலக்குவதைப் பற்றி நம் வீடுகளில் தலைமுறையாக வரும் சில நம்பிக்கைகளில்தான் கோளாறு இருக்கிறது.

நம்பிக்கை: கறுப்பு என்பது அழுக்கு. அழுத்தித் தேய்த்தால் போய்விடும்.

வெளியிலிருந்து வந்து ஒட்டியது அழுக்கு. பாத்திரத்தின் கறுப்போ அந்த உலோகமே உருமாறியது. செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது முதலில் செம்பழுப்பு நிறத்தில் ஓர் ஆக்சைடு படலம் உண்டாகிறது. நாளாக ஆக, அல்லது அடுப்புச் சூடு பட்டால், அது கறுப்பு ஆக்சைடாகிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது என்பதால் அதன் படலத்தில் துத்தநாக ஆக்சைடும் இருக்கும். சாதாரணமாகக் கறுத்த பாத்திரத்தில் இந்தப் படலத்தின் பருமன் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆனாலும் சோப்புக்கு அது மசியாது. சோப்பு எண்ணெயைக் கிளப்பும், உலோக ஆக்சைடைக் கரைக்காது.

அதைக் கரைக்க அமிலம் வேண்டும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு தண்ணீராகிவிடுகின்றன. செம்பு, அயனியாகச் சாற்றுக்குள் இறங்குகிறது:

CuO + 2H⁺ → Cu²⁺ + H₂O

அப்படி இறங்கிய செம்பை மறுபடி படிய விடாமல் இந்த இரண்டு அமிலங்களும் நாலு பக்கமும் கவ்விக்கொள்கின்றன. வினிகரைவிடப் புளியும் எலுமிச்சையும் நன்றாக வேலை செய்வதற்கு இது ஒரு காரணம். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளைப் பஞ்சை எலுமிச்சைச் சாற்றில் நனைத்து, கறுத்த செம்புச் சொம்பின் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுங்கள். பஞ்சில் மெல்லிய பச்சை கலந்த நீலம் ஏறியிருந்தால் அது கரைந்து வந்த செம்பு. பஞ்சு இருந்த இடத்தில் சொம்பு சால்மன் மீன் சதைபோல இளஞ்சிவப்பாக இருக்கும். செம்பின் அசல் நிறம் அதுதான்.

படலம் போனதும் புளி தானாகவே நிற்பதுபோல் தோன்றும். ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும் வலிமை செம்புக்கு இல்லை, அதனால் சுத்தமான செம்பு உலோகத்தை இத்தகைய அமிலம் எளிதில் தொடுவதில்லை. காற்று உள்ளே வந்துகொண்டிருந்தால் மட்டும் மெதுவாக அரிக்கும். ஆகவே தேய்ப்பது இங்கே துணை வேலைதான். கரைந்த படலத்தை விலக்கிப் புதுப் புளி அடியில் பட வழிசெய்தால் போதும், கம்பி நாரால் சுரண்ட வேண்டியதே இல்லை.

புளிக்கு மசியாத கறுப்பும் உண்டு. அடுப்புக் கரி அமிலத்தில் கரையாது. குத்துவிளக்கின் அகலில் இறுகிப்போன எண்ணெய்ப் பிசுக்கை ஊடுருவிப் புளி உள்ளே போகாது. கடையிலேயே வார்னிஷ் பூசி விற்கும் அலங்காரப் பொருளிலும் அது எடுபடாது. சந்தேகம் இருந்தால் பாத்திரத்தின் அடியில் பொட்டளவு புளியை வைத்து ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். பொட்டு அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அது ஆக்சைடு. ஒன்றும் ஆகவில்லை என்றால் முதலில் பிசுக்கையோ கரியையோ எடுக்க வேண்டும். அதற்குச் சோப்புத்தூளும் வெந்நீரும் போதும். அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பல் செய்த வேலையும் அதுதான். சாம்பலில் உள்ள காரம் எண்ணெயை எடுக்கும்.

நம்பிக்கை: எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு பளபளப்பு.

தவலையைக் கெடுத்தது இதுதான். செம்புப் பாத்திரம் கொஞ்சம் அதிகமாக ஊறினால் பெரிய சேதம் தெரியாது. பித்தளை அப்படியல்ல, அதில் துத்தநாகம் இருக்கிறது. செம்பால் முடியாததைத் துத்தநாகம் செய்யும். அமிலத்தில் அது உலோகமாகவே கரைந்து வெளியேறும். புளிக்கடியில் முதல் சில நிமிடங்களில் ஆக்சைடு கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் புளி அங்கேயே இருந்தால், பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கொஞ்சங்கொஞ்சமாகக் கழன்று போகிறது. மிஞ்சுவது செம்பு.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஏற்கெனவே கரைந்து சாற்றில் கிடக்கும் செம்பு அயனிகளும் துத்தநாகமும் சந்திக்கும்போது துத்தநாகம் கரைய, செம்பு அந்த இடத்தில் உலோகமாகப் படிகிறது. செம்பழுப்பு ஆக்சைடுக்கும் ஒரு குணம் உண்டு. அமிலத்தில் அது இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி கரைய, மறுபாதி நுண்ணிய செம்புத் தூளாக அங்கேயே தங்கிவிடும். இப்படி மூன்று வழியாகவும் பித்தளையின் மேல் செம்பு சேர்கிறது. ராத்திரி முழுக்க ஊறிய தவலையில் கண்ட இளஞ்சிவப்பு இதுதான். கழுத்திலும் அடியிலும் அதிகமாக இருந்ததற்குக் காரணம், புளி அங்கே கெட்டியாகத் தங்கியதுதான்.

சரி, சிவந்துபோன தவலையை என்ன செய்வது? மறுபடி புளி போடாதீர்கள், இன்னும் சிவக்கும். அமிலத்தால் வந்ததை அமிலத்தால் எடுக்க முடியாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பாத்திரத்தில் சலித்த விபூதியையோ பித்தளை பாலிஷையோ தொட்டு, மெல்லிய பருத்தித் துணியால் ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு இறங்கி அடியில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மேலோடு படிந்தது என்று பொருள், பொறுமையாகத் தேய்த்தால் சரியாகிவிடும். விரலால் தடவும்போது சொரசொரப்பாக, ஊசி குத்தியதுபோல் குழிகள் தென்பட்டால் அரிப்பு உள்ளே இறங்கியிருக்கிறது. அதைப் பாத்திரப் பட்டறையில் கொடுத்து இயந்திரத்தில் மெருகேற்றினால்தான் உண்டு.

முதலிலேயே இதைத் தவிர்ப்பது சுலபம். பிசுக்கை எடுத்த பாத்திரத்தில், ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையே போதும், அதில் இன்னும் நிறைய அமிலம் இருக்கும். தண்ணீராக ஓடாமல் செங்குத்தான பக்கங்களிலும் ஒட்டி நிற்கும் என்பதால் பெரிய பாத்திரத்துக்கு எலுமிச்சையைவிடப் புளி வசதி. பூசிவிட்டு வேறு வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்து தடவிக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மஞ்சள் தெரியும். தெரிந்த இடத்தை உடனே கழுவுங்கள். கறை பாக்கி இருந்தால் புதுப் புளி எடுத்து இன்னொரு முறை பூசலாம். ஒரே பூச்சை நீட்டிப் போடக் கூடாது.

நம்பிக்கை: எலுமிச்சையோடு ஆப்பசோடா சேர்த்தால் பலன் இரட்டிப்பு.

நுரை பொங்குவதைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. ஆப்பசோடா காரம், எலுமிச்சை அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும்போது கரியமில வாயு வெளியேறுவதுதான் அந்த நுரை. நுரை அடங்கியபின் கறுப்பைக் கரைக்க வேண்டிய அமிலத்தில் பெரும்பகுதி செலவாகியிருக்கும். சோடாவுக்கு வேறு இடத்தில் வேலை உண்டு. துலக்கி முடித்த பாத்திரத்தை ஒரு சிட்டிகை சோடா கரைத்த தண்ணீரில் அலசினால் இடுக்கில் தங்கிய புளிப்பு அடங்கும்.

நம்பிக்கை: துலக்கிய மூன்றாம் நாளே மங்கினால் அது கலப்படம்.

பெரும்பாலும் அது மிச்சம் தங்கிய புளிதான். படலம் போன உலோகம் காற்றுக்கு நேராக நிற்கிறது. அதில் ஈரமும் அமிலமும் இருந்தால் ஆக்சைடு வேகமாக உண்டாகும். வேலைப்பாடுள்ள குத்துவிளக்கின் வரிகளில் முதலில் கறுப்பதைக் கவனித்திருப்பீர்கள், புளி கழுவப்படாமல் தங்குவது அங்கேதான். கழுவியதும் உலர்ந்த துணியால் துடைத்து விபூதி போட்டுத் தேய்க்கும் நம் வீட்டுப் பழக்கத்தில் நல்ல வேதியியல் இருக்கிறது. சாணச் சாம்பல் காரத்தன்மை உள்ளது, தங்கிய அமிலத்தைத் தணிக்கும். ஈரத்தை உறிஞ்சும், மிக நுண்ணிய தூள் என்பதால் கீறாமல் மெருகும் ஏற்றும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பு சேர்த்தால் கறை வேகமாகப் போவது உண்மைதான். உப்பிலுள்ள குளோரைடு செம்பு கரைவதற்கு உதவுகிறது. அந்தக் குளோரைடு இடுக்கில் தங்கிவிட்டால் பிறகு ஈரம் பட்டுப் பச்சைக் களிம்பு பூக்கும். பழைய வெண்கலச் சிலைகளில் குளோரைடு புகுந்துவிட்டால் அரிப்பு தானாகவே தொடர்ந்துகொண்டிருக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் உருவானதே இந்த நோய் கண்ட வெண்கலங்களைக் காப்பதற்காகத்தான். எனவே வீட்டில் தாத்தா காலத்துச் சிலை இருந்தால் அதற்குப் புளியும் வேண்டாம், உப்பும் வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

நம்பிக்கை: வெளியே சுத்தம் செய்யும் புளி உள்ளேயும் நல்லதுதான்.

செம்பைக் கரைத்து வெளியே எடுக்கும் அதே புளிதான் சாம்பாரிலும் ரசத்திலும் இருக்கிறது. கொதிக்கும்போது அது இன்னும் வேகமாகக் கரைக்கும். அதனால்தான் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினார்கள். வெள்ளீயம் அந்த அமிலத்தைப் பெருமளவு தாங்கும். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்த்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதை வெகுவாக மீறினால் குமட்டலும் வாந்தியும் வரும். ஈயம் பூசிய உட்புறத்தைப் புளி உப்பு போட்டுச் சுரண்டாதீர்கள். பூச்சு தேய்ந்த பாத்திரத்துக்கு மறுபடி ஈயம் பூசும்வரை புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் எதையும் அதில் வைக்காதீர்கள்.