இரண்டு நோட்டீசு, ஒரே படம்: தலைப்பையும் அடிவரியையும் சேர்ப்பது எப்படி?



செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஆடிப் பண்டிகை சமயத்தில் கடை போடுகிற ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஜவ்வரிசி வடாம் விற்க டி.டி.பி. சென்டரில் நோட்டீசு செய்யச் சொன்னார்கள். இரண்டு மாதிரி வந்தது. முதல் மாதிரியில் தலைப்பு எடுப்பாக இருக்கிறது, ஆனால் அடியில் பழைய கைபேசி எண். இரண்டாவதில் எண்ணும், 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் சரி. ஆனால் தலைப்பில் ‘ஜவ்வரிசி’ என்ற சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. முதலாவதை அப்படியே அச்சடித்தால், ஆர்டர் கொடுக்கிறவங்க போன் யாருக்கோ போகும்.

முதலில் டி.டி.பி. சென்டரில் மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்க. இருந்தால் எண்ணை மட்டும் மாற்றித் தருவார்கள், அதுதான் நல்லது. அது அழிந்துபோய், கையில் இரண்டு படம்தான் இருக்கிறது என்றால், கம்ப்யூட்டரில் உள்ள பெயிண்ட் போதும்.

படம் சரியா என்று பாருங்க

வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படம் சுருங்கிவிடும், எழுத்தைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் வரும். ‘Document’ ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்க. பிறகு இரண்டையும் பெயிண்டில் தனித்தனியே திறந்து Ctrl+E அழுத்தினால் அகலமும் உயரமும் தெரியும். ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 2480 × 3508 புள்ளி வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்கணும். ஒன்று 1240 × 1754 என்று பாதியாக இருந்தால் இழுத்துப் பெரிதாக்காதீங்க, எழுத்து மங்கிப் போகும். பெரிய படத்தையே கேட்டு வாங்கணும்.

எங்கே வெட்டுவது?

தலைப்புக்கும் அதன் கீழ் உள்ள படத்துக்கும் நடுவே எழுத்தே இல்லாத ஒரே நிறப் பட்டை இருக்கும். அங்கேதான் வெட்டணும். சுட்டியை அங்கே கொண்டுபோனால் திரையின் அடியில் இரண்டு எண் தெரியும்; இரண்டாவது எண்தான் மேலிருந்து எவ்வளவு கீழே என்பது. நம் உதாரணத்தில் முதல் மாதிரியில் மஞ்சள் பட்டை 760 முதல் 840 வரை. இரண்டாவதில் 720 முதல் 830 வரை. இரண்டுக்கும் பொதுவானது 760 முதல் 830 வரை. ஆகவே 800இல் வெட்டலாம். 740இல் வெட்டினால் முதல் மாதிரித் தலைப்பின் அடிப்பகுதி அறுந்துவிடும்.

சேர்ப்பது

அடிவரியை வெட்டித் தலைப்புள்ள படத்தில் ஒட்டலாம் என்று தோன்றும். அதை மாற்றிச் செய்தால் வேலை சுலபம். பெயிண்டில் ஒட்டுகிற துண்டு, திரையில் தெரிகிற படத்தின் மேல் இடது மூலையில்தான் வந்து உட்காரும். தலைப்பின் இடமும் அதுவே. அதனால் அடிவரி சரியாக உள்ள இரண்டாவது மாதிரியை அடிப்படையாக வச்சுக்கணும்.

1. முதல் மாதிரியில் Select எடுத்து, வலது ஓரத்தில் 800 உயரத்தில் தொடங்கி, மேல் இடது மூலையைத் தாண்டி இழுங்க. தேர்வு ஓரத்தோடு நின்றுகொள்ளும். அடியில் 2480 × 800 என்று காட்டணும். Ctrl+C அழுத்துங்க.
2. இரண்டாவது மாதிரியைத் திறந்து, மேல் இடது மூலை தெரியும்படி நகர்த்தி, Select மெனுவில் Transparent selection அணைந்திருக்கிறதா என்று பாருங்க. அணைக்காவிட்டால் வெள்ளை எழுத்துகள் ஓட்டையாகி, பழைய தலைப்பு உள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.
3. Ctrl+V அழுத்தி, துண்டுக்கு வெளியே ஒருமுறை சொடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். தவறினால் Ctrl+Z.

ஒட்டு தெரிகிறதா?

படத்தைப் பெரிதாக்கி 800ஆம் வரியை இடமிருந்து வலமாகப் பாருங்க. மெல்லிய கோடு தெரிந்தால் இரண்டு மஞ்சளும் கொஞ்சம் வேறு என்று அர்த்தம். பெயிண்ட் ஊற்றும் வாளி இங்கே உதவாது. அது அச்சு அசலாக ஒரே நிறமுள்ள இடத்தை மட்டும் நிரப்பும். நிறம் எடுக்கும் குழாயால் நோட்டீசில் உள்ள மஞ்சள் அல்லாத வேறொரு நிறத்தைத் தொட்டு, அந்த நிறம் நிரப்பிய செவ்வகம் ஒன்றை 770 முதல் 825 வரை, ஓரம் முதல் ஓரம் வரை வரையுங்க. அப்போதும் தலைப்பின் பின்னணி கொஞ்சம் வேறாகவே இருக்கும், ஆனால் ஒட்டிய கோடு மறைந்து, அந்த இடம் பட்டையாகத் தெரியும். மேலிருந்து கீழே நிறம் மாறி வரும் பின்னணி என்றால் இந்த வழி பலிக்காது, அதை டி.டி.பி. சென்டரில்தான் செய்யணும்.

கடைசியில் Save as மூலம் புதுப் பெயரில் PNG ஆகச் சேமியுங்க. JPEG ஆகத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் எழுத்தோரம் கெடும். பழைய இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், ஒரு தாள் மட்டும் எடுத்து, அதில் உள்ள எண்ணைப் பார்த்து இன்னொரு கைபேசியிலிருந்து கூப்பிடுங்க. உங்க குழுவின் போன் மணி அடிக்கணும்.