படகுக் கூட்டைப் பிரிக்கும்போது யாருக்கு முதலில் பணம்?

காட்டுப்பள்ளிப் பக்கம் அண்ணன், தம்பி, மைத்துனர் மூவரும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு ஓட்டுகிறார்கள், லாபம் சமபங்கு என்று வைத்துக்கொள்வோம். இப்போது பிரிகிறார்கள். காலவரையறை இல்லாத கூட்டு என்றால், ஒருவர் மற்றவர்களுக்கு எழுத்தில் அறிவித்தாலே கூட்டைக் கலைத்துவிடலாம். சண்டை வருவது அதற்குப் பிறகுதான்.

ஏட்டில் படகும் என்ஜினும் 3,20,000 ரூபாய், வலை 80,000, கையில் ரொக்கம் 10,000. மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் 1,50,000. அண்ணன் கூட்டுக்குக் கடனாகத் தந்தது 60,000. முதல்: அண்ணன் 1,00,000, தம்பி 60,000, மைத்துனர் 40,000.

முதலில் ரியலைசேஷன் கணக்கு எழுதுங்கள். சொத்துகளை விற்று, வெளிக்கடனை அடைத்ததில் லாபமா நட்டமா என்று காட்டும் கணக்கு இது. ரொக்கம் தவிர்த்த சொத்துகள் ஏட்டு மதிப்பில் பற்றுப் பக்கம்: 4,00,000. வியாபாரியின் 1,50,000 வரவுப் பக்கம். படகும் என்ஜினும் 2,50,000க்கு விற்றன, வரவு. வலையை மைத்துனர் 50,000க்கு எடுத்துக்கொண்டார்; அதுவும் வரவு, ஆனால் அவருடைய முதலிலிருந்து கழியும். வியாபாரிக்குத் தந்த 1,50,000, தரகு 5,000 இரண்டும் பற்று. நட்டம் 1,05,000, தலைக்கு 35,000.

அண்ணனின் 60,000 இந்தக் கணக்கில் வராது. ஊர்க் கணக்குகளில் அதையும் முதலோடு சேர்த்துவிடுகிறார்கள்; பிசகு அங்கேதான். 1932 ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு சொல்லும் வரிசை: வெளியார் கடன், கூட்டாளி தந்த கடன், முதல், மிச்சமிருந்தால் லாப விகிதப்படி பங்கு. தங்களுக்குள் வேறு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அது வியாபாரியைக் கட்டுப்படுத்தாது.

தரகு போக ரொக்கம் 2,55,000. வியாபாரிக்கு 1,50,000, பிறகு அண்ணன் கடன் 60,000. மிச்சம் 45,000. நட்டம் கழித்து அண்ணனுக்கு 65,000, தம்பிக்கு 25,000 வர வேண்டும். மைத்துனரோ வலையையும் எடுத்ததால் 45,000 கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் 90,000 ஆகி, கணக்கு நேராகும்.

மைத்துனர் நொடித்துப்போனால்? 1904இல் இங்கிலாந்தில் வந்த கார்னர் எதிர் மர்ரே தீர்ப்பின்படி அந்தக் குறை சமமாகப் பிரியாது. முதல் விகிதப்படி, இங்கே 5க்கு 3. அண்ணன் 28,125, தம்பி 16,875 இழப்பார்கள். முன்பே எழுதி வைக்காவிட்டால் இந்த விதிதான் பேசும்.

கூட்டு பதிவாகவில்லையே என்று பயப்பட வேண்டாம். கலைந்த கூட்டுக்குக் கணக்குக் கேட்டு வழக்குப் போட 69ஆம் பிரிவு தடையில்லை. ஆனால் அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுத்துவிடுங்கள். அதுவரை ஒருவர் கூட்டின் பெயரில் வாங்கும் முன்பணத்துக்கு மூவருமே பொறுப்பு.