முதல் கார் வாங்கும் தம்பதிக்கு

மயிலாப்பூரிலோ அடையாறிலோ குடியிருந்துகொண்டு முதல் கார் வாங்கப் போகிறீர்கள். எந்தக் கார் நல்ல கார் என்று சொல்ல நான் வரவில்லை, அதைச் சொல்ல உங்களைச் சுற்றிப் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் சொல்கிறேன்.

1. மாடலைப் பேசுவதற்கு முன் மாதத் தொகையை முடிவு செய்யுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், அப்பா அம்மாவின் மருந்து, சேமிப்பு எல்லாம் போக மாதம் 22,000 ரூபாய் மிஞ்சுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கையிருப்பு இரண்டரை லட்சம். 8 லட்ச ரூபாய் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 13 சதவீதம், அதாவது 1,04,000. காப்பீடும் சேர்ந்தால் சாலைக்கு வரும்போது ஒன்பதரை லட்சத்தை ஒட்டி நிற்கும். கையிருப்பைக் கொடுத்துவிட்டு 7 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 14,500. பெட்ரோலுக்கு ஐந்தாயிரம், அடுத்த வருடக் காப்பீட்டுக்கும் சர்வீஸுக்கும் எடுத்து வைக்க இரண்டாயிரத்து ஐந்நூறு. 22,000 அதோடு சரி.

இப்போது பெரியப்பா சொல்கிற பன்னிரண்டரை லட்ச ரூபாய் வண்டி. 10 லட்சத்தைத் தாண்டினால் வரி 18 சதவீதம், அதுவே 2,25,000. எல்லாம் சேர்ந்து பதினைந்து லட்சத்தைத் தாண்டுகிறது. கையிருப்பு போக மீதிக்கு அதே வட்டியில் ஐந்து வருடத் தவணை ஏறக்குறைய 26,700. பெட்ரோல் போடுவதற்கு முன்பே கணக்கு உடைந்துவிட்டது. "ஏழு வருஷமா நீட்டிக்கலாம் சார்" என்பார் ஷோரூம்காரர். தவணை 20,700 ஆகக் குறையும், உண்மைதான். ஆனால் ஐந்தாவது வருட முடிவில் இன்னும் நாலரை லட்சம் அசல் பாக்கி இருக்கும். அதற்குள் பிள்ளை மேல்வகுப்புக்குப் போயிருப்பான்.

2. "இன்னும் ஒரு லட்சம் போட்டா டாப் எண்ட் வந்துடும்" என்ற பேச்சில் கவனமாக இருங்கள். 2023 நவம்பரில் வரி மாறியதிலிருந்து 10 லட்சம் என்பது ஒரு எல்லைக்கோடு. 9.9 லட்ச வண்டிக்கு வரி 1,28,700. 10.8 லட்ச வண்டிக்கு 1,94,400. ஆக, 90,000 கூடுதல் என்று மச்சான் சொன்னது உண்மையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஷோரூமில் எப்போதும் சாலை விலையை எழுதி வாங்குங்கள், அதை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள்.

3. மழையைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். 2015ஐயும் மிக்ஜாமையும் பார்த்த ஊர் இது. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் அதற்குப் பெரிய வண்டி பதில் இல்லை. சின்னக் காருக்கும் சிறிய எஸ்.யு.வி.க்கும் தரை இடைவெளியில் வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் இரண்டும் ஒன்றுதான். என்ஜின் பாதுகாப்புக் காப்பீட்டைக் கூடுதலாக எடுங்கள், முன்கூட்டியே வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். நனைந்த வண்டியை ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள். காற்று போகும் வழியில் தண்ணீர் ஏறியிருந்தால் அந்த ஒரு திருப்பலில் என்ஜின் போய்விடும்.

4. உறவினரோடு வண்டியின் குணத்தை வாதாடாதீர்கள். சன்ரூஃப், ஆறு கியர், ஏழு சீட்டு என்று அவர்களுக்கு எப்போதும் இன்னொன்று தெரிந்திருக்கும். "தவணை பதினஞ்சாயிரத்தைத் தாண்டக் கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம், பெரியப்பா" என்று சொல்லுங்கள். உங்கள் மாதக் கணக்கு அவருக்குத் தெரியாது, அதனால் அதற்கு அவரிடம் மறுபேச்சு இருக்காது. வங்கி தரமாட்டேன் என்றது என்று பொய் சொல்லாதீர்கள். "எவ்வளவு குறையுது? நான் தரேன்" என்று அவர் கிளம்பிவிடுவார். அந்தக் கைமாற்றுக்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். வட்டியில்லாப் பணம் என்பார்கள். ஆனால் அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வரும்போது அது மொத்தமாகத் திரும்பி வந்தாக வேண்டும், அன்றைக்கு உங்கள் நகைதான் அடகுக்குப் போகும்.

ஏழு பேரும் சேர்ந்து திருப்பதி போவது வருடத்துக்கு ஒருமுறை. அதற்கு வாடகை வண்டி இருக்கிறது.

5. ஷோரூமுக்கு இருவர் மட்டும் போங்கள். கூட வருகிறவர் எதை வியந்து பார்க்கிறாரோ அதைப் பார்த்து விற்பனையாளர் பேச ஆரம்பிப்பார். போவதற்கு முன் உங்கள் கட்டிடத்தில் உங்களுக்கு ஒதுக்கிய இடத்தின் நீளம் அகலத்தைத் தூண்களுக்கு நடுவே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பழைய மயிலாப்பூர் அடுக்குமாடிகளில் அகலமான வண்டி நின்றாலும் கதவு திறக்காது. முன்பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகு வீட்டாருக்குச் சொல்லுங்கள். அதற்குள் அத்தை கேட்டால், "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்பது போதும்.