ஒரு மடல், நாற்பது முகவரிகள்

நுழையும்முன்

வேலை தேடுவோரும் வேலை தருவோரும் முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் மின்னஞ்சலில்தான். அங்கு ஒருவருக்கு எழுதிய மடல் பலருக்குச் சென்றுவிடுவது உண்டு. அப்போது பணியமர்த்தும் அலுவலருக்கு எழுதவேண்டிய வருத்த மடல் சில வரிகளே கொண்டது. அச்சில வரிகளில் எதைச் சொல்வது, எதை விடுப்பது, எந்த வினைமுற்றைத் தேர்வது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பிழை நிகழும் இடம்

மின்னஞ்சலில் பெறுநர் முகவரியை இடுவதற்கு மூன்று இடங்கள் உள்ளன. To என்பது மடலுக்கு உரியவரின் இடம். Cc என்பது செய்தி அறியவேண்டிய பிறரின் இடம். Bcc என்னும் இடத்தில் உள்ளவரைப் பிற பெறுநர் காண இயலாது. மடலைப் பெற்றவர் Reply என்பதை அழுத்தினால் விடை அனுப்பியவருக்கு மட்டும் செல்லும். Reply all என்பதை அழுத்தினாலோ To, Cc ஆகிய இரண்டு இடங்களிலும் உள்ள அனைவருக்கும் செல்லும்.

ஒரு நிகழ்வைக் கருதிப் பார்ப்போம். நிறுவனம் ஒன்றின் பணியமர்த்தும் அலுவலர், நேர்காணல் அட்டவணையை நாற்பது மாணவருக்கு ஒரே மடலில் அனுப்புகிறார். நாற்பது முகவரிகளும் To என்னும் இடத்திலேயே உள்ளன. மாணவி ஒருவர், அதே நாளில் வேறொரு நிறுவனத்திலும் தமக்கு நேர்காணல் இருப்பதாகவும் தம் நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றித் தருமாறும் விடை எழுதுகிறார். கைப்பேசி எண்ணையும் குறிப்பிடுகிறார். அவர் அழுத்தியது Reply all. அலுவலர் ஒருவருக்கு உரிய செய்தி, உடன் போட்டியிடும் முப்பத்தொன்பது பேருக்கும் சென்றுவிடுகிறது.

எழுதுவதற்குமுன் செய்யவேண்டியவை

ஜிமெயிலில், அனுப்பிய மடலை நிறுத்த Undo என்னும் வசதி உண்டு. அதற்குரிய காலம் ஐந்து நொடி முதல் முப்பது நொடி வரையே. அந்நொடிகள் கடந்தபின் மடலைத் திரும்பப் பெற முயல்வது பயனற்றது.

அடுத்து, அனுப்பிய மடலை ஒருமுறை முழுமையாகப் படித்தல் வேண்டும். அதில் வெளிப்பட்ட செய்தி யாருடையது என்பதே முடிவை மாற்றும். மேற்கண்ட நிகழ்வில் வெளிப்பட்டவை மாணவியின் சொந்தச் செய்திகள் மட்டுமே. ஆகவே நாற்பது பேருக்கும் மீண்டும் எழுதவேண்டிய தேவை இல்லை. அவ்வாறு எழுதினால், முதல் மடலைக் கவனியாதவரும் தேடிப் படிப்பர். ஒரு பிழை இரண்டாகும். மாறாக, பிறரைத் திசைதிருப்பக்கூடிய தவறான நாளோ இடமோ அதில் இருந்திருந்தால், அதைத் திருத்தும் ஒரே வரியை அனைவருக்கும் அனுப்புவது கடமையாகும். வேறொருவரின் செய்தி வெளிப்பட்டிருந்தால் அவரிடமும் தனியே வருத்தம் தெரிவிக்கவேண்டும்.

மூன்றாவது, மடலை எங்கிருந்து தொடங்குவது என்பது. தாம் அனுப்பிய மடலைத் திறந்து அதிலிருந்தே விடை எழுதத் தொடங்கினால், பழைய பெறுநர் முகவரிகள் மீண்டும் வந்து நிற்கக்கூடும். அலுவலர் முதலில் அனுப்பிய மடலைத் திறந்து Reply என்பதைத் தேர்ந்தெடுத்தல் நன்று. அது குழு முகவரி வழியாக வந்த மடலாயின், Reply என்பதும் குழுவிற்கே செல்லக்கூடும். எனவே To என்னும் இடத்தில் அலுவலரின் முகவரி ஒன்று மட்டுமே உள்ளதா எனப் பார்த்த பின்னரே எழுதவேண்டும்.

இரண்டு வரைவுகள்

மாணவி முதலில் எழுதிய வரைவு இது:

> மதிப்பிற்குரிய அம்மா, ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது. கைப்பேசியில் பொத்தான்கள் அருகருகே இருந்ததாலும் தங்கள் மடலில் அனைவரது முகவரியும் இருந்ததாலும் என் விடை எல்லாருக்கும் சென்றுவிட்டது. நான் எப்போதும் இப்படிச் செய்பவள் அல்லள். தங்களுக்கு ஏதேனும் தொந்தரவு ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும். இதனால் என் வாய்ப்பு பாதிக்கப்படாது என நம்புகிறேன்.

இவ்வரைவில் பணிவு உண்டு, பொறுப்பு இல்லை. ‘தவறு நேர்ந்துவிட்டது’, ‘விடை சென்றுவிட்டது’ ஆகிய தொடர்களில் எழுவாய்கள் தவறும் விடையுமே. செய்தவர் எங்கும் இல்லை. ‘தங்கள் மடலில் அனைவரது முகவரியும் இருந்ததாலும்’ என்பது அலுவலரின் குறையைச் சுட்டுகிறது. அது உண்மையாயினும் வருத்த மடலில் இடம்பெறத்தக்கதன்று. ‘ஏற்பட்டிருந்தால்’ என்னும் நிபந்தனை எச்சம், தொந்தரவு நிகழ்ந்ததா என்பதையே ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. இறுதித் தொடரோ, அலுவலர் ஓர் உறுதிமொழி தரவேண்டும் என எதிர்பார்க்கிறது. வருத்தம் தெரிவிக்க வந்த மடல் வேண்டுகோளாக மாறிவிடுகிறது.

திருத்திய வரைவு வருமாறு:

> பொருள்: நேர்காணல் நேரம் குறித்த என் மடல்
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> நேர்காணல் நேரத்தை மாற்றக் கோரி இன்று காலை தங்களுக்கு எழுதிய மடலைக் கவனக்குறைவால் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அனுப்பிவிட்டேன். அதற்காக வருந்துகிறேன். என் கோரிக்கையில் மாற்றம் இல்லை. விடையை எனக்கு மட்டும் அனுப்புமாறு வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், விண்ணப்ப எண்)

நான்கு தொடர்களின் பணி

முதல் தொடர் எந்த மடல், என்ன பிழை என்பதை அடையாளம் காட்டுகிறது. நாள்தோறும் பல மடல்களைப் பார்க்கும் அலுவலர், பழையதைத் தேடாமலேயே செய்தியை அறிந்துகொள்வார். ‘அனுப்பிவிட்டேன்’ என்னும் தன்மை ஒருமை வினைமுற்று, செய்தவர் யார் என்பதை ஒளிக்காமல் காட்டுகிறது. அதில் அமைந்த ‘விடு’ என்னும் துணைவினை இச்சூழலில், செயல் கருதிச் செய்ததன்று என்பதையும் மீட்க இயலாமல் முடிந்தது என்பதையும் உணர்த்துகிறது. ‘அனுப்பினேன்’ என்று மட்டும் எழுதினால் இப்பொருள் கிட்டாது.

இரண்டாம் தொடர் வருத்தத்தை ஒரே முறை சொல்லி நிற்கிறது. ‘மன்னிக்கவும்’ என்பது எதிரிலிருப்பவரிடம் ஒரு செயலை வேண்டுகிறது. ‘வருந்துகிறேன்’ என்பது சொல்பவரின் நிலையைத் தெரிவித்து முடிகிறது. இரண்டும் வழக்கில் ஏற்புடையனவே. எனினும் விடை எதிர்பாராத சிறு பிழைக்குப் பின்னது மிகவும் பொருந்தும். மூன்றாம் தொடர், கோரிக்கை நிலைத்திருப்பதை உறுதிசெய்கிறது. இது இல்லையேல் மாணவி கோரிக்கையைக் கைவிட்டாரோ என்னும் குழப்பம் எழும். நான்காம் தொடர், அலுவலரின் விடையும் நாற்பது பேருக்குச் சென்றுவிடாமல் காக்கிறது.

இம்மடலுக்கு விடை வராமலும் போகலாம். அதனை மனக்கசப்பின் அடையாளமாகக் கொண்டு மீண்டும் வருத்தம் தெரிவித்தல் கூடாது. நேர மாற்றம் குறித்த விடை வரவில்லையெனில், அதை மட்டும் கேட்டு மறுநாள் எழுதலாம். அம்மடலில் பழைய பிழைக்கு இடமில்லை.

கற்பவை கற்றபின்…

1. ‘தவறு நேர்ந்துவிட்டது’, ‘தவறு செய்துவிட்டேன்’ ஆகிய தொடர்களின் பொருள் வேறுபாட்டை எழுவாய், பயனிலை கொண்டு விளக்குக.
2. நேர்காணல் நடைபெறும் இடத்தைத் தவறாகக் குறிப்பிட்ட மடலை மாணவர் ஒருவர் அனைவருக்கும் அனுப்பிவிட்டார் எனக் கொள்க. குழுவிற்கு ஒரு வரியும், அலுவலருக்கு நான்கு தொடர்களுக்கு மிகாத மடலும் எழுதுக.