நாயின் கண் சிவந்தால்: எதற்கு இப்போதே ஓட வேண்டும், எது நாளை வரை தாங்கும்?

சிவப்பு என்பது நோயல்ல. தூசி விழுந்தாலும் கண் சிவக்கும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை போய்க்கொண்டிருந்தாலும் சிவக்கும். எனவே எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. சிவப்போடு வேறு என்ன இருக்கிறது என்பதே அவசரத்தைத் தீர்மானிக்கிறது.

செய்ய வேண்டியவை

மூன்றை மட்டும் பாருங்கள். நாயை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணைத் தொடாமல் பாருங்கள். முதலாவது, கண்ணை முழுதாகத் திறக்கிறதா, இடுக்குகிறதா? நாய் வலித்தாலும் குரைத்துச் சொல்லாது. ஒரு கண்ணைப் பாதி மூடி வைத்திருப்பதுதான் அது வலியைச் சொல்லும் விதம். இரண்டாவது, கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம், அதாவது கருவிழி, பளபளப்பாக இருக்கிறதா, நீலம் பூத்து மங்கியிருக்கிறதா? மூன்றாவது, நடுவில் உள்ள கண்மணி இரண்டு கண்ணிலும் ஒரே அளவா?

இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் அன்றைக்கே போங்கள். கண் சிவந்து, கருவிழி மங்கி, கண்மணி விரிந்தே நின்று, டார்ச் அடித்தாலும் சுருங்காவிட்டால் அது கண் அழுத்த நோயாக, கிளாகோமாவாக, இருக்கலாம். கண்ணுக்குள் இயல்பான அழுத்தம் ஏறக்குறைய 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசம். திடீரென்று அது இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால், ஓரிரு நாளில் பார்வை நரம்பு மீளாதபடி கெட்டுவிடும். காக்கர் ஸ்பானியல் வளர்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாறாகக் கண்மணி சுருங்கி, கண் கூசினால், கண்ணின் உள்ளேயே அழற்சி. நம் ஊரில் இதற்கு உண்ணிக் காய்ச்சல் ஒரு முக்கியக் காரணம். அண்மையில் உண்ணி பிடித்திருந்தாலோ, சாப்பாடு குறைந்திருந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் இரத்தப் பரிசோதனையும் கேட்பார்.

கண் விழி பிதுங்கி வெளியே வந்துவிட்டால் ஈரத்துணி. பக், ஷிட்சூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குச் சண்டையிலோ, கழுத்தை இறுக்கிப் பிடித்தாலோகூட இது நேரும். உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனில் நனைத்த சுத்தமான துணியால் விழியை மூடி, காயாமல் பார்த்துக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். இது மணிக்கணக்கில் எண்ண வேண்டிய அவசரம்.

கூம்புக் காலரை வீட்டில் வைத்திருங்கள். பல புண்களைப் பெரிதாக்குவது முதல் காயமல்ல, அதற்குப் பிறகு நாய் காலால் தேய்ப்பதும் சோபாவில் முகத்தை உரசுவதும்தான். காலர் போட்டால் பாவமாகத்தான் இருக்கும். போடுங்கள்.

செர்ரி ஐ என்றால் பதறாமல் நாள் குறியுங்கள். மூக்குப்பக்க மூலையில் சிவந்த உருண்டை ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். நாய்க்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதன் அடியில் உள்ள கண்ணீர்ச் சுரப்பி இடம்விட்டு வெளியே வந்ததுதான் இது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வரும்; பீகிள், காக்கர், புல்டாக், லாசா ஆகியவற்றில் அதிகம். பார்க்கப் பயமாக இருந்தாலும், நாய் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தால் இரவோடு இரவாக ஓட வேண்டியதில்லை. சில நாட்களுக்குள் காட்டுங்கள். ஒரு கண்ணில் வந்தால் மறுகண்ணிலும் வர வாய்ப்புண்டு.

செய்யக்கூடாதவை

அந்த உருண்டையை வெட்டி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். வெட்டினால் ஐந்து நிமிட வேலை, செலவும் குறைவு. ஆனால் கண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்தச் சுரப்பியிலிருந்துதான் வருகிறது. எடுத்துவிட்டால் சில ஆண்டுகள் கழித்துக் கண் வறண்டு, கோந்து போன்ற பீளை கட்டி, ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து விட நேரலாம். மூன்றாவது இமையில் பைபோல் தைத்துச் சுரப்பியை உள்ளே வைப்பதே சரியான அறுவை. சில நாய்களுக்கு மறுபடி வெளியே வரும். அப்போதும் திரும்ப உள்ளே வைப்பதுதான் முறை. “எடுப்பீர்களா, உள்ளே வைப்பீர்களா?” என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எப்படி நடக்கும் என்று பாருங்கள். சனிக்கிழமை மாலை ஒரு பக் நாய் வலது கண்ணை இடுக்குகிறது, நீர் வடிகிறது. தாத்தாவுக்குக் கண்புரை அறுவை ஆனபோது வாங்கிய மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அதில் ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. விட்டதும் ஞாயிறு காலை சிவப்பு குறைகிறது; வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உண்மையில் கருவிழியில் ஒரு சிறு புண் இருந்தது. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கியதே தவிர, புண் ஆறுவதையும் தடுத்துவிட்டது. கிருமிக்கும் வழி திறந்துவிட்டது. திங்கள் காலை கருவிழியின் நடுவில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஓரிடம். கருவிழி கரைகிறது என்று பொருள். இந்த நிலையில் ஒரே நாளில் விழி ஓட்டையாகிவிடலாம்.

இனி அந்த நாய்க்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும், ஆன்டிபயாட்டிக் சொட்டு. கரைவதை நிறுத்த அதன் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த சீரமும் சொட்டாக விடுவார்கள். தேவைப்பட்டால் அறுவை. சனிக்கிழமையே போயிருந்தால், மருத்துவர் ஃப்ளூரெசின் சாயம் ஒரு சொட்டு விட்டிருப்பார். புண் உள்ள இடம் மட்டும் பச்சையாகத் தெரிந்திருக்கும். சாதாரணப் புண் சரியான மருந்தில் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். சாயம் விட்டுப் பார்க்காமல் ஸ்டீராய்டுச் சொட்டு எழுதினால், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், டீத்தண்ணீர் எதுவும் வேண்டாம். பீளையைத் துடைக்கச் சலைனோ, கொதித்து ஆறிய நீரோ போதும்.

கண் வெளுத்தாலே கண்புரை என்று முடிவுகட்டாதீர்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்கு விழிலென்ஸ் இறுகி நீலச் சாம்பலாகத் தெரியும். பார்வை அவ்வளவாகக் குறையாது, சிகிச்சையும் வேண்டாம். கண்புரையில் கண்மணி பால்வெள்ளையாக இருக்கும். நாய் புதிய இடத்தில் மேஜை நாற்காலியில் இடித்துக்கொள்ளும். புரையைச் சொட்டு மருந்து கரைப்பதில்லை. அறுவை உண்டு, ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில்தான் விசாரிக்க வேண்டும்.

புரை வேகமாக வந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். சில வாரங்களில் இரண்டு கண்ணும் வெளுத்து, நாய் நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் கழித்து, தின்றும் மெலிந்தால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். நீரிழிவு வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் புரை வரும். அறுவை செய்வதானால் லென்ஸ் உப்பிக் கண்ணுக்குள் அழற்சி கிளப்புவதற்கு முன்பே செய்வது நல்லது. அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், புரையுள்ள கண் ஒருநாள் சிவந்தால் அது பழைய புரைதானே என்று இருந்துவிடாதீர்கள். லென்ஸிலிருந்து கசியும் புரதம் உள்ளே அழற்சியைக் கிளப்பியிருக்கலாம். அது கிளாகோமாவில் முடியலாம். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் போன் செய்து, கண் அழுத்தம் அளக்கும் கருவி அங்கே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.